முதலில் இறங்குவது கடைசியில் ஏறட்டும்

நேயர்களுக்கு வணக்கம். மதுரையில் மொத்த விற்பனைக் குடோன் ஒன்றில் லோடு ஏற்றிவிடும் வேலை எனக்கு. ஒரே வண்டியில் நாலைந்து ஊருக்குச் சரக்கு போகும்போது எதை எங்கே வைப்பது என்பதைப் பற்றி இன்று பேசுகிறேன்.

அடிப்படை எல்லோருக்கும் தெரிந்ததுதான். சரக்கு இறங்கும் வரிசையில் ஊர்களை எழுதிய டிரிப் ஷீட்டைக் கீழிருந்து மேலாகப் படித்து ஏற்ற வேண்டும். கடைசி ஊர்ச் சரக்கு கேபின் பக்கம், முதல் ஊர்ச் சரக்கு பின்கதவு பக்கம். ஆனால் இதை மட்டும் பிடித்துக்கொண்டு ஏற்றினால் வண்டி வழியிலேயே தகராறு செய்யும்.

ஒரு லோடைச் சொல்கிறேன். 14 அடி வண்டி, உள் அகலம் 6 அடி. திருமங்கலத்துக்கு 25 கிலோ அரிசி மூட்டை 40. விருதுநகருக்கு 15 கிலோ எண்ணெய் டின் 48. சாத்தூருக்கு பிஸ்கட் பெட்டி 80. கோவில்பட்டிக்கு 50 கிலோ சர்க்கரை மூட்டை 20.

சர்க்கரை முதலில் ஏறும். கேபினை ஒட்டி 4 அடி நீளத்தில், ஐந்து மூட்டை உயரத்துக்கு அடுக்கினால் 20 மூட்டையும் அடங்கிவிடும். அதற்கு மேலே சும்மா கிடக்கும் இடத்தில் சாத்தூர் பிஸ்கட் பாதியை ஏற்றுவேன். மீதியைச் சர்க்கரைக்கு அடுத்து 3 அடியில் அடுக்கிவிடலாம். முன்னே இறங்கும் லேசான சரக்கு, பின்னால் இறங்கும் கனமான சரக்கின் தலைமேல் உட்காரலாம். மாற்றி வைத்தால் பிஸ்கட் தூளாகிவிடும், அல்லது சாத்தூரில் சர்க்கரையைத் தூக்கி ஓரம் வைத்துவிட்டு பிஸ்கட்டை எடுக்க வேண்டிவரும்.

இனி மீதி 7 அடி. இங்கேதான் பலரும் தடுமாறுகிறார்கள். திருமங்கலம் முதல் ஊராயிற்றே என்று அரிசியைக் கதவோரம் முழு அகலத்துக்கும் சுவர்போல வைப்பார்கள். ஒரு டன் எடை கடைசி 3 அடிக்குள், பின் அச்சையும் தாண்டி உட்கார்ந்துகொள்ளும். முன்சக்கரத்தில் பாரம் குறையும். டிரைவரைக் கேட்டால் "ஸ்டியரிங் லேசா இருக்குண்ணே" என்பார். அந்தச் சொல்லைக் கேட்டால் லோடைக் கலைத்து மறுபடி அடுக்கச் சொல்லுவேன்.

நான் செய்வது குறுக்கே வைக்காமல் நீளவாக்கில் பிரிப்பது. வலப்பக்கச் சுவரை ஒட்டி எண்ணெய் டின்கள்: மூன்று டின் அகலம், எட்டு டின் நீளம், இரண்டு அடுக்கு. இடப்பக்கம் அரிசி, ஐந்தைந்தாக எட்டு அடுக்கு. நடுவில் ஒன்றேகால் அடி சந்து. ஆள் ஒருக்களித்துப் போக அது போதும். அரிசியின் எடை இப்போது பின் அச்சை ஒட்டியே பரவி நிற்கும்.

சந்து விட்டால் இடம் வீணாகிறது என்று முதலாளி முகம் சுளிப்பார். திருமங்கலம் கடைக்காரர் ஷட்டரைப் பூட்டிவிட்டு எங்காவது கல்யாணத்துக்குப் போயிருந்தால் அப்போது தெரியும் அதன் அருமை. அரிசியைத் தொடாமலே விருதுநகரில் டின்னை இறக்கிவிட்டு, திரும்பி வரும் வழியில் அரிசியைக் கொடுக்கலாம். பிஸ்கட்டையும் சர்க்கரையையும்கூட டின் போன பக்கம் வழியாக வெளியே கொண்டுவந்துவிடலாம்.

சரி, அரிசி இறங்கிய பிறகு என்ன ஆகும்? 720 கிலோ டின் மொத்தமும் வலப்பக்கம், இடப்பக்கம் வெறும் தரை. வளைவில் வண்டி சாயும், மேலடுக்கு டின்கள் காலி இடத்துக்குச் சரியும். அதனால் திருமங்கலத்தை விட்டுக் கிளம்பும் முன், மேலடுக்கு 24 டின்னை இடப்பக்கத்துக்கு மாற்றி, இரண்டு பக்கமும் கயிறு போட்டுக் கட்டிவிட வேண்டும். சில நிமிட வேலைதான். லோடுமேன்கள் முனகுவார்கள், முனகட்டும்.

பெட்டிகளில் ஊர் எண்ணைச் சாக்பீஸால் எழுதுவதும் முக்கியம். எழுத்து கதவைப் பார்த்து இருக்க வேண்டும், மறுபக்கம் எழுதி உள்ளே திருப்பி வைத்தால் எழுதியும் பயனில்லை. இரண்டு ஊருக்கு ஒரே சரக்கு என்றால் நடுவே பழைய சாக்கு ஒன்றை விரித்துவிடுவேன். இல்லாவிட்டால் முதல் ஊரில் ஒரு பெட்டி கூடுதலாக இறங்கிவிடும். அது தெரியவருவது அடுத்த ஊரில் எண்ணும்போதுதான்.

எங்கள் குடோனில் நிறைய முறை நடந்தது வேறு ஒரு தப்பு. லோடு முடிந்து கதவைச் சாத்தும் நேரத்தில் கோவில்பட்டிக்காரர் போன் செய்வார், இன்னும் பத்துப் பெட்டி சோப்பு வேண்டும் என்று. பில் போட்டவர் பெட்டிகளைக் கதவோரம் தள்ளிவிட்டு டாட்டா காட்டுவார். அந்தப் பத்துப் பெட்டியும் திருமங்கலம், விருதுநகர், சாத்தூர் என மூன்று ஊரிலும் ரோட்டோரம் இறங்கி, திரும்ப ஏறும். ஒருமுறை சாத்தூரில் இரண்டு பெட்டி ஏறவே இல்லை. அப்போதிருந்து தாமதமாக வரும் சரக்கு அந்தச் சந்தில் போகாது, கதவோரமும் போகாது. பிஸ்கட் பெட்டி நாலைந்தை இறக்கி, சர்க்கரைக்கு மேல் அதற்கு இடம் பண்ணுவேன். முடியாவிட்டால் அடுத்த வண்டியில்தான்.