எட்டு இலைக்கு எட்டு, பத்து இலைக்கு ஆறு

நேயர்களுக்கு வணக்கம்.

காலாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததும் மாணவர்களின் தரநிலை அறிக்கை வீட்டுக்குப் போகும். அதற்கு அடுத்த ஓரிரு நாட்களில் யாராவது ஒரு பெற்றோர் வகுப்பாசிரியரைத் தேடி வருவார்கள். எனக்குத் தெரிந்த ஒரு நடுநிலைப் பள்ளிக்கு ஆறாம் வகுப்பு மாணவன் ஒருவனின் தாயார் அப்படி வந்தார். "எட்டு இலை ஒட்டின பிள்ளைக்கு எட்டு மார்க்கு, பத்து இலை ஒட்டின என் பையனுக்கு ஆறு மார்க்கா டீச்சர்?" என்பது அவர் கேட்ட கேள்வி. வகுப்பாசிரியை அங்கேயே பதில் சொல்ல முயலாமல், இரண்டு நாள் கழித்து மாலை நேரம் ஒன்றைக் குறித்துக் கொடுத்து, மகனின் இலைத் தொகுப்பை மறுநாளே அவனிடம் கொடுத்தனுப்பும்படி கேட்டுக்கொண்டார். அந்த இரண்டு நாட்களில் அவர் செய்த ஆயத்தத்தைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

முதலில் மதிப்பெண் முறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டில் 2012-13 கல்வியாண்டில் முப்பருவ முறை வந்தபோது, ஒவ்வொரு பருவத்துக்கும் உரிய நூறு மதிப்பெண்ணில் அறுபது பருவத் தேர்வுக்கும், அதாவது தொகுத்தறி மதிப்பீட்டுக்கும், நாற்பது வளரறி மதிப்பீட்டுக்கும் ஒதுக்கப்பட்டன. அந்த நாற்பதில் இருபது, வளரறி (அ) எனப்படும் செயல்பாடுகளுக்கு உரியது; மீதி இருபது, வளரறி (ஆ) எனப்படும் சிறு தேர்வுகளுக்கு உரியது. நான்கு செயல்பாடுகள் நடத்தி, ஒவ்வொன்றையும் பத்துக்கு மதிப்பிட்டு, அவற்றில் சிறந்த இரண்டை மட்டும் கூட்டிக்கொள்வார்கள். மொத்தம் 91 முதல் 100 வரை இருந்தால் ஏ1, 81 முதல் 90 வரை இருந்தால் ஏ2 என்று தரநிலை போகும்.

இந்த மாணவன் அறிவியலில் தொகுத்தறியில் 57, சிறு தேர்வுகளில் 19, செயல்பாடுகளில் 13 பெற்றிருந்தான்; மொத்தம் 89, தரநிலை ஏ2. செயல்பாடுகளில் ஒன்றில் ஏழு, இலைத் தொகுப்பில் ஆறு, மற்றொன்றில் ஐந்து. நான்காவது நடந்த நாளில் அவன் காய்ச்சலில் இருந்தான். இலைத் தொகுப்புக்கு நண்பனைப் போல எட்டு கிடைத்திருந்தால் மொத்தம் 91 ஆகி, தரநிலை ஏ1 ஆகியிருக்கும். தாயார் இந்தக் கணக்கை வீட்டிலேயே போட்டுப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தார். அதனால் இரண்டு மதிப்பெண்ணுக்காகவா இவ்வளவு தூரம் என்று ஆசிரியர் அறையில் யாராவது சலித்துக்கொண்டால் அது நியாயமில்லை. தரநிலையின் விளிம்பில் நிற்கும் பிள்ளைக்கு அந்த இரண்டுதான் எல்லாமே. இந்தக் கணக்கை வகுப்பாசிரியரும் முன்கூட்டியே போட்டு வைத்திருக்க வேண்டும். எவ்வளவு திருத்தினால் தரநிலை மாறும் என்பது தெரியாமல் பேச்சில் உட்கார்ந்தால், ஒன்றைக் கூட்டிக் கொடுத்துவிட்டுப் பிரச்சினை தீர்ந்தது என்று நினைக்கும்போதே அது தீராமல் நிற்கும்.

இங்கே வகுப்பாசிரியை தமிழ் கற்பிப்பவர். மதிப்பெண் போட்டவர் அறிவியல் ஆசிரியர். பெற்றோர் முதலில் தேடி வருவது வகுப்பாசிரியரைத்தான் என்றாலும், அடுத்தவர் போட்ட மதிப்பெண்ணை மாற்றும் உரிமை அவருக்கு இல்லை, அதற்கு விளக்கம் சொல்லும் பொறுப்பு மட்டும் இருக்கிறது. அதனால் ஆயத்தத்தின் முதல் வேலை அறிவியல் ஆசிரியரோடு உட்கார்ந்து பேசுவது. "நீங்கள் போட்டது சரிதானே சார்?" என்று கேட்டால் சரிதான் என்றுதான் பதில் வரும். இவர் அப்படிக் கேட்கவில்லை. திரும்பி வந்த தொகுப்பில் மதிப்பெண் எழுதிய இடத்தின் மேல் ஒரு தாளை வைத்து மறைத்துவிட்டு, இன்னொரு முறை முதலிலிருந்து திருத்திப் பாருங்கள் என்று கேட்டுக்கொண்டார். பழைய எண் கண்ணில் பட்டால் கை தானாக அதே எண்ணுக்குப் போகும் என்பது விடைத்தாள் திருத்திய எல்லோருக்கும் தெரியும்.

பத்து மதிப்பெண்ணை ஆசிரியர் இப்படிப் பிரித்திருந்தார்: பத்து இலை சேகரித்ததற்கு மூன்று, செய்தித்தாள்களுக்கு நடுவே வைத்து நன்றாக உலர்த்திச் சுருக்கமில்லாமல் ஒட்டியதற்கு இரண்டு, பெயர்களைச் சரியாக எழுதியதற்கு இரண்டு, இலை நரம்புகளின் அமைப்பைப் பார்த்து வகைப்படுத்தியதற்கு மூன்று. மாணவனின் தொகுப்பு பார்க்க மிக அழகாக இருந்தது. வண்ணக் கோடுகள், அச்சு போன்ற கையெழுத்து, மேலே ஒளித்தாள் உறை எல்லாம் இருந்தன. சேகரிப்பில் மூன்றும் ஒட்டியதில் இரண்டும் முழுதாகக் கிடைத்திருந்தன. பெயர்களில் ஒன்றுதான் கிடைத்திருந்தது. நரம்பமைவில் ஒன்றுமே கிடைக்கவில்லை. காரணம், பத்து இலைகளுக்கும் கீழே 'வலைப்பின்னல் நரம்பமைவு' என்று ஒரே வரி எழுதப்பட்டிருந்தது. அந்தப் பத்தில் மூங்கிலும் அருகம்புல்லும் இருந்தன. இரண்டிலும் நரம்புகள் ஒன்றுக்கொன்று இணையாக நீளவாக்கில் ஓடுவதை வெறும் கண்ணாலேயே பார்க்கலாம். நண்பனின் தொகுப்பிலோ எட்டு இலைதான். பசை வழிந்து, ஒரு வேப்பிலை பாதி உதிர்ந்தும் போயிருந்தது. சேகரிப்பில் இரண்டு, ஒட்டியதில் ஒன்று. ஆனால் பெயர்கள் எல்லாம் சரி; புல்லையும் வாழையையும் தனியே பிரித்து எழுதியிருந்தான். பெயருக்கு இரண்டு, நரம்பமைவுக்கு மூன்று, ஆக எட்டு.

மறுமுறை திருத்தியபோது ஒரு பிழை வெளிப்பட்டது. ஓர் இலையின் கீழே மாணவன் 'கல்யாண முருங்கை' என்று எழுதியிருந்தான். ஆசிரியரின் விடைக்குறிப்பில் 'முள்முருங்கை' என்று இருந்ததால் அது தவறாகக் கொள்ளப்பட்டு ஒரு மதிப்பெண் குறைந்திருந்தது. இரண்டும் ஒரே மரத்தின் பெயர்கள்தாம். வீட்டில் எந்தப் பெயரைச் சொல்கிறார்களோ அதைத்தான் பிள்ளை எழுதுவான். அந்த ஒரு மதிப்பெண் அவனுக்குச் சேர வேண்டியது. ஆறு ஏழானது.

இனி நரம்பமைவு. தாயார் கட்டாயம் கேட்கக்கூடிய கேள்வி ஒன்று இருக்கிறது: பத்தில் எட்டு இலைகளுக்கு அவன் எழுதியது சரிதானே, பிறகு எப்படிச் சுழி வந்தது? நல்ல கேள்வி. வகைப்படுத்துவதற்குத்தான் மதிப்பெண், எல்லாவற்றுக்கும் ஒரே வரியை எழுதியதில் வகைப்படுத்தல் நடக்கவேயில்லை என்பது ஆசிரியரின் விடை. அந்த விடை நிற்க வேண்டுமானால் இரண்டு நிபந்தனைகள் பூர்த்தியாக வேண்டும் என்பது என் எண்ணம். அதே போல ஒரே வரி எழுதிய வேறு பிள்ளைகளுக்கும் சுழிதான் போடப்பட்டிருக்க வேண்டும். மதிப்பெண் பங்கீடு பிள்ளைகளுக்கு முன்பே தெரிந்திருக்கவும் வேண்டும். முதலாவதைச் சரிபார்க்க அறிவியல் ஆசிரியர் வகுப்பில் உள்ள மற்றத் தொகுப்புகளை வாங்கிப் புரட்டினார். அப்படி எழுதிய வேறு இருவருக்கும் சுழிதான் போடப்பட்டிருந்தது. அவர்களில் ஒருவருக்கு ஒரு மதிப்பெண் கிடைத்திருந்தாலும், இவனுக்கும் அதைக் கொடுத்தே ஆக வேண்டும். அப்போது மொத்தம் 91 ஆகியிருக்கும். இரண்டாவதற்கு மாணவனின் அறிவியல் குறிப்பேட்டையே வரவழைத்தார்கள். ஜூலை மாதத் தேதியிட்ட பக்கத்தில், கரும்பலகையிலிருந்து எழுதிக்கொண்ட அந்தப் பங்கீடு அவன் கையெழுத்திலேயே இருந்தது. அது இல்லாமல் போயிருந்தால், அவன் அன்று விடுப்பில் இருந்தான் என்று வருகைப் பதிவேடு சொல்லியிருந்தால், சொல்லாத விதிக்கு மதிப்பெண்ணைக் குறைத்தோம் என்று ஒப்புக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லை.

ஆக, ஏழும் ஏழும் பதினான்கு, மொத்தம் 90, தரநிலை அதே ஏ2. ஒரே ஒரு மதிப்பெண்ணில் ஏ1 தவறுகிறது. இந்த இடத்தில்தான் ஆசிரியர்களுக்கு மனம் இளகும், ஒன்றைச் சேர்த்துவிட்டால் எல்லோருக்கும் நிம்மதி என்று தோன்றும். ஆனால் நரம்பமைவில் சுழி வாங்கிய அந்த மற்ற இருவரின் பெற்றோர் கேட்க வரவில்லை. வந்து கேட்ட வீட்டுக்கு ஒன்று, வராத வீட்டுக்கு ஒன்றுமில்லை என்றாகிவிட்டால், அடுத்த பருவத்தில் வாசலில் நிற்கும் கூட்டத்துக்குப் பதில் சொல்ல முடியாது.

நான்காவது செயல்பாடு வேறு விஷயம். பதிவேட்டைப் பார்த்தபோது, அன்று வராத வேறு இரண்டு பிள்ளைகளுக்கு வேறொரு நாளில் அதைச் செய்ய வாய்ப்புக் கொடுத்திருந்தது தெரிந்தது. காய்ச்சலில் கிடந்த இவனுக்கு அது விட்டுப்போயிருந்தது. அந்த வாய்ப்பு இவனுக்கும் உரியது. அதைத் தருவதற்கும், அறிக்கையில் திருத்தம் செய்வதற்கும் தலைமை ஆசிரியரின் இசைவை வகுப்பாசிரியை சந்திப்புக்கு முன்பே வாங்கி வைத்தார். இதில் ஒரு நுட்பம் உண்டு. பேச்சு சூடாகும்போது இதை எடுத்து நீட்டினால், இலைத் தொகுப்பு விஷயத்தை விட்டுவிடுவதற்கான பேரமாகத்தான் தாயாருக்குத் தோன்றும். பிள்ளை செய்யாமல் விட்டுப்போன வேலை என்று தனியாகவே சொல்ல வேண்டும்.

சொல்லக் கூடாதவற்றையும் முன்பே முடிவு செய்துகொள்வது நல்லது. அந்த அழகிய கையெழுத்து ஆறாம் வகுப்புப் பிள்ளையுடையதுதானா என்ற ஐயம் இரு ஆசிரியர்களுக்குமே இருந்தது. அதைச் சந்திப்பில் எழுப்பினால் பேச்சு மதிப்பெண்ணை விட்டு விலகித் தாயாரின் நேர்மைக்குத் தாவிவிடும். மேலும் கையெழுத்துக்காக இங்கே எந்த மதிப்பெண்ணும் குறையவில்லை. அதே போல, நண்பனின் தொகுப்பை எடுத்துக் காட்டி ஒப்பிடக் கூடாது. இன்னொரு பிள்ளையின் மதிப்பெண்ணை அவன் பெற்றோரிடம் மட்டும்தான் பேசலாம். தாயார் அதையே திரும்பத் திரும்பக் கேட்டால், "அம்மா, பத்து மார்க்கில் சேகரிப்புக்கு மூன்றுதான், இலை கூடுதலாக இருப்பதால் மட்டும் மொத்தம் கூடாது" என்று பங்கீட்டைக் காட்டிச் சொன்னால் போதும்.

சந்திப்பு வகுப்பறையில் நடந்தது. அறிவியல் ஆசிரியரும் உடன் இருந்தார். தொகுப்பையும் குறிப்பேட்டின் அந்தப் பக்கத்தையும் முதலில் தாயார் கையில் கொடுத்துவிட்டு, அவர் பார்த்து முடிக்கும் வரை ஆசிரியர்கள் பேசவில்லை. பிளஸ் டூ பொதுத்தேர்விலும் விடைத்தாள் நகலை வாங்கிப் பார்த்த பிறகுதான் மறுமதிப்பீடு கேட்கிறார்கள். தாளைப் பார்க்காதவரிடம் மதிப்பெண்ணை விளக்கவே முடியாது. அதன் பிறகு கல்யாண முருங்கையில் நேர்ந்த பிழையை அறிவியல் ஆசிரியரே எடுத்துச் சொல்லித் திருத்திய எண்ணைக் காட்டினார். அதைக் கடைசியில், கேட்ட பிறகு சொல்லியிருந்தால் மறைத்து வைத்தது போல் ஆகியிருக்கும். தாயார் நரம்பமைவைப் பற்றி எதிர்பார்த்தபடியே கேட்டார். மூங்கில் இலையையும் மாவிலையையும் அருகருகே வைத்து மகனையே பார்க்கச் சொன்னார்கள். பார்த்துவிட்டு அவன் சரியாகவே சொன்னான். "இப்போது சொல்கிறானே, அதற்கு மார்க்கு கிடையாதா?" என்று தாயார் கேட்டார். ஜூலையில் செய்த வேலைக்கு ஜூலையில் எழுதியதை வைத்துத்தான் மதிப்பெண் என்று ஆசிரியர் சொன்னார். தாயாருக்கு அதில் முழுத் திருப்தி இல்லை. தலைமை ஆசிரியரிடம் எழுதிக் கொடுக்கலாம் என்பதையும் வகுப்பாசிரியை தாமாகவே தெரிவித்தார்.

எழுந்து போவதற்கு முன், பேசியவற்றைப் பதிவேட்டில் நான்கு வரியில் எழுதினார்கள்: இலைத் தொகுப்பு ஆறிலிருந்து ஏழாகத் திருத்தப்பட்டது, அதற்கான காரணம், நரம்பமைவு மதிப்பெண்ணில் மாற்றமில்லை, விடுபட்ட செயல்பாட்டுக்கு வரும் வியாழக்கிழமை பிற்பகல். தாயார் அதைப் படித்துப் பார்த்து, மாற்றமில்லை என்ற வரிக்குப் பக்கத்தில் 'ஏற்கவில்லை' என்று எழுதிக் கையொப்பமிட்டார். வகுப்பாசிரியை அதை அப்படியே விட்டுவிட்டார். நன்றி, வணக்கம்.