கிளம்பும் வேளையில் வரும் செய்தி

நேயர்களுக்கு என் வணக்கம்.

நாளும் நேரமும் பேசி முடித்து, உடை மாற்றிக்கொண்டு கிளம்பும் வேளையில், "இன்றைக்கு என்னால் முடியவில்லை, மன்னித்துக்கொள்" என்று நண்பரிடமிருந்து ஒரு செய்தி வருகிறது. ஒருமுறை வந்தால் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. அதே நண்பரிடமிருந்து மூன்றாவது முறையும் நான்காவது முறையும் வரும்போது, இவருக்கு நாம் முக்கியமில்லையோ என்ற ஐயம் எழுகிறது. அந்த ஐயத்துக்கு விடை தேடும் நாம், பெரும்பாலும் அவர் வராமல் போன நாளையே திரும்பத் திரும்ப எண்ணிப் பார்க்கிறோம். அவர் வருவதாக ஒப்புக்கொண்ட நாளைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து.

கால் ஸாபர்மன், ஜான் லிஞ்ச் என்னும் இரு ஆய்வாளர்கள் 2005-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதற்கு உதவுகிறது. இன்று இருப்பதைவிட வருங்காலத்தில் நமக்கு ஓய்வு நேரம் அதிகமாக இருக்கும் என்று மனிதர்கள் நம்புகிறார்கள் என்பதையும், பணத்தைவிட நேரத்தைப் பற்றியே இந்த நம்பிக்கை வலுவாக இருக்கிறது என்பதையும் அவர்கள் காட்டினார்கள். மூன்று வாரம் கழித்து வரும் ஒரு மாலைப்பொழுது, இன்று எண்ணிப் பார்க்கும்போது வெறுமையாகவே தெரிகிறது. அந்த நாள் வந்து சேரும்போது, இன்றைய நாளைப் போலவே வேலையும் களைப்பும் நிறைந்ததாக இருக்கிறது. எனவே "கட்டாயம் வருகிறேன்" என்று சொன்னவர் அப்போது பொய் சொன்னவர் அல்லர்; தம்மால் கொடுக்க முடியாத ஒரு மாலையை, அறியாமலேயே கொடுத்துவிட்டவர்.

எனக்குத் தெரிந்த இரு தோழியரின் நிலையைச் சொன்னால் இது தெளிவாகும். ஐந்து மாதங்களில் அவர்கள் ஆறு சந்திப்புகளுக்குத் திட்டமிட்டார்கள்; அவற்றில் நான்கு, கடைசி ஒரு மணி நேரத்தில் ரத்தாயின. காத்திருந்து சலித்த தோழி, கோபம் சற்று அடங்கிய பின் அந்த ஆறு சந்திப்புகளையும் வரிசையாக நினைவுபடுத்திப் பார்த்தார். நடந்த இரண்டும் அன்றைக்கோ முந்தைய நாளோ பேசி முடிவு செய்தவை. நடக்காத நான்கும் இரண்டு, மூன்று வாரங்களுக்கு முன்பே குறித்தவை. எல்லாமே வேலை நாட்களின் மாலைகள். முந்தைய இரவு கேட்டபோதெல்லாம் "வருகிறேன்" என்றே பதில் வந்திருந்தது. இன்னொன்றும் அவர் கண்ணில் பட்டது: ஒவ்வொரு முறையும், ரத்து செய்த அடுத்த சில நாட்களுக்குள் மற்றவரே வேறொரு நாளைச் சொல்லி அழைத்திருந்தார்.

இந்தக் கடைசி அடையாளத்துக்கு நான் மிகுந்த மதிப்புக் கொடுப்பேன். சந்திக்க விரும்பி, முடியாமல் போனவர், தாமாகவே மாற்று நாள் ஒன்றைச் சொல்வார். விருப்பம் குறைந்தவர் வருத்தம் தெரிவிப்பதோடு நிறுத்திக்கொள்வார். அடுத்த அழைப்பும் நம்மிடமிருந்தே போக வேண்டியிருக்கும். தனியாகச் சந்திக்க வந்துவிட்டு, பலர் கூடும் இடங்களுக்கு மட்டும் வராமல் போகிறவருக்குக் கூட்டத்தைப் பற்றிய பதற்றம் இருக்கலாம். வராமல் இருந்துவிட்டதும் கிடைக்கும் நிம்மதி, அடுத்த முறையும் அவரை வராமல் இருக்கத் தூண்டும். எல்லாரிடமிருந்தும் ஒதுங்கி, தொலைபேசியையும் எடுக்காமல், முன்பு விரும்பியவற்றையும் விட்டுவிட்டவரிடம் சந்திப்பைப் பற்றிய கணக்கையே பேசக் கூடாது. அவர் எப்படி இருக்கிறார் என்று கேட்பதே அப்போது தேவையான பேச்சு.

முடியாது என்று தெரிந்தும் முந்தைய இரவே ஏன் சொல்வதில்லை? மறுத்தால் நண்பர் புண்படுவார் என்ற அச்சமே பல நேரங்களில் காரணம். ஜூலியன் கிவி, காலீன் கர்க் ஆகியோர் 2023-இல் வெளியிட்ட ஆய்வில், அழைப்பை மறுப்பவர்கள், அழைத்தவருக்கு ஏற்படும் வருத்தத்தை உண்மையில் இருப்பதைவிட அதிகமாக எண்ணிக்கொள்கிறார்கள் என்று கண்டார்கள். இப்படி அஞ்சுகிறவர், எப்படியாவது போய்விடலாம் என்று கடைசி வரை தம்மையே நம்ப வைத்துக்கொள்கிறார். முன்கூட்டிச் சொல்லும் மறுப்பு எளிதாகத் தாங்கக்கூடியது என்பதும், கடைசி நிமிடத்து மறுப்புதான் நம் மாலையைப் பறிக்கிறது என்பதும் அவருக்குத் தெரியாது. நாமும் ஒவ்வொரு முறையும் "பரவாயில்லை" என்று பதில் அனுப்பியே பழகியிருப்பதால், அவருக்கு அது தெரிய வழியும் இல்லை.

ஆகவே பேசத்தான் வேண்டும். ஆனால் ரத்தான அன்றே பேசுவது நல்லதல்ல. இரண்டு மூன்று நாள் கழித்து, நேரிலோ தொலைபேசியிலோ பேசலாம். "நீ எப்போதும் இப்படித்தான்" என்று தொடங்கினால், அவர் நான்கு முறைக்கும் நான்கு காரணங்களைச் சொல்வார்; அவை நான்கும் உண்மையாகவே இருக்கும்; பேச்சு அந்தக் காரணங்களைச் சுற்றியே நின்றுவிடும். அந்தத் தோழி இப்படிச் சொன்னார்: "கடந்த நான்கு முறையும் நான் கிளம்பிய பிறகுதான் நீ வரவில்லை என்று எனக்குத் தெரிந்தது. உனக்காக அந்த மாலையில் வேறு எதையும் வைத்துக்கொள்ளாமல் இருந்தேன். வர முடியாவிட்டால் எனக்குக் கோபமில்லை. ஆனால் முந்தைய நாள் இரவே சொல்லிவிடு. சந்தேகமாக இருந்தால், சந்தேகமாக இருக்கிறது என்றே சொல்." இதைச் சொல்லிவிட்டு அவர் காத்திருந்தார். உடனே சமாதானம் சொல்லி அந்த மௌனத்தை நிரப்பாமல் இருந்தது மிக நல்ல செயல் என்று நினைக்கிறேன். வேலை முடிந்து வந்தால் பேசக்கூடத் தெம்பு இருப்பதில்லை என்பதையும், அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது என்பதையும் மற்றவர் அப்போதுதான் முதன்முறையாகச் சொன்னார்.

அதன் பிறகு இருவரும் ஏற்பாட்டை மாற்றிக்கொண்டார்கள். சந்திப்பு விடுமுறை நாள் காலையில், ஒரு மணி நேரம் மட்டும். மூன்று நாளுக்கு மேல் முன்கூட்டிக் குறிப்பதில்லை. முந்தைய இரவு ஒன்பது மணிக்குள் உறுதி சொல்லாவிட்டால் சந்திப்பு இல்லை என்று எடுத்துக்கொள்வது. முன்பதிவு தேவைப்படும் நிகழ்ச்சிகளுக்கு அவரவர் சீட்டை அவரவரே வாங்குவது. பலர் சேரும் திட்டங்களில், அவர் வந்தாலும் வராவிட்டாலும் நடக்கும்படியே எல்லாம் அமைந்தன. அடுத்த மூன்று மாதங்களில் குறித்த ஏழு சந்திப்புகளில் நான்கு நடந்தன. இரண்டு முந்தைய இரவே கைவிடப்பட்டன. ஒன்று மட்டும், குழந்தைக்குக் காய்ச்சல் கண்டதால், கடைசி நேரத்தில் நின்றது; அதைப் பற்றி யாரும் ஒரு சொல்லும் பேசவில்லை. எண்ணிக்கையாகப் பார்த்தால் இது பெரிய மாற்றமாகத் தோன்றாது. ஆனால் காத்திருந்து வீணாகும் மாலைகள் ஏறக்குறைய இல்லாமல் போயின; தோழிக்கு வேண்டியிருந்ததும் அதுதான்.

எல்லாரிடமும் இது பலிக்காது. தெளிவாகப் பேசி, ஏற்பாட்டை மாற்றிய பின்னும் இரண்டு மூன்று முறை அதுவே நடந்தால், அதே பேச்சைத் திரும்பப் பேச வேண்டாம் என்பேன்; இரண்டாவது முறை அது மன்றாடலாகவோ கண்டனமாகவோ மாறிவிடும். "இனி உனக்கு வசதிப்படும் நாளை நீயே சொல், நான் வரப் பார்க்கிறேன்" என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டு, அழைக்கும் பொறுப்பை அவரிடம் விடலாம். சொல்லாமல் ஒதுங்கி நின்று அவரைச் சோதிப்பது முறையல்ல. தாம் சோதிக்கப்படுவது அவருக்குத் தெரியாது. அதன் பின் சில மாதங்கள் அழைப்பே வராவிட்டால், அவருக்காக நேரம் ஒதுக்கி வைப்பதை நிறுத்திவிடலாம். நேரில் வராவிட்டாலும் வாரந்தோறும் தொலைபேசியில் மனம்விட்டுப் பேசுகிற நண்பராக இருந்தால், அந்த உரையாடலை மகிழ்ச்சியோடு வைத்துக்கொண்டு, சந்திப்புக்கு நாள் குறிப்பதை மட்டும் விட்டுவிடலாம்.

நன்றி, வணக்கம்.