நிலாப் படத்தில் எது நிழல், எது பள்ளம், எது சமவெளி?

(கிளை நூலக வாசகர் வட்டக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

அவைத்தலைவர் அவர்களே, வேலைகளுக்கு நடுவே வந்து முதல் வரிசையில் அமர்ந்திருக்கிற பேரூராட்சித் தலைவர் அம்மா அவர்களே, தன் பள்ளிப் பிள்ளைகளை வரிசையாக அழைத்து வந்திருக்கும் தலைமையாசிரியர் ஐயா அவர்களே, இந்தக் கூட்டத்துக்காக நாற்காலி முதல் ஒலிபெருக்கி வரை ஓடி ஓடி ஏற்பாடு செய்த நூலகர் அம்மா அவர்களே, பெரியோர்களே, பிள்ளைகளே, அனைவருக்கும் வணக்கம். வாசகர் வட்டச் செயலாளர் என் தோளில் போர்த்திய கதராடைக்கும் நன்றி.

மூன்று விஷயம் பேச வந்திருக்கிறேன். நிலாப் படத்தில் தெரியும் கருமைகளைப் பிரித்துப் பார்ப்பது ஒன்று. நிலாவின் முகம் ஏன் சாய்ந்து தெரிகிறது என்பது இரண்டு. நிலா நம்மைப் பார்த்து லேசாகத் தலையாட்டுகிறது என்பது மூன்று. பெரியவர்கள் ஒரு பழமொழி சொல்வார்கள்: "வடகோடு உயர்ந்தென்ன, தென்கோடு சாய்ந்தென்ன வான்பிறைக்கு?" இதில் கோடு என்பது பிறையின் கொம்பு. இன்றைக்குப் பேசப்போவது முழுக்க அந்தப் பழமொழிக்குள்தான் இருக்கிறது.

திரையில் இருக்கும் படத்தைப் பாருங்கள். வளர்பிறை நவமியன்று மாலை, பைனாகுலரின் கண்ணாடிக்குப் பின்னால் செல்போனை வைத்து எடுத்தது. திரையில் நிலாவைத் தொட்டு வெளிச்சத்தை நன்றாகக் குறைத்த பிறகுதான் எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் வெள்ளைத் தட்டுதான் கிடைக்கும். இதில் கருமை என்று பொதுவாகச் சொல்கிறோமே, அது மூன்று வகை.

முதல் சோதனை சுலபம். கருமையை, நிலாவுக்கு வெளியே இருக்கும் வானத்தோடு ஒப்பிடுங்கள். வானம் போலவே அட்டக் கருப்பாக இருந்தால் அங்கே வெயில் படவில்லை என்று பொருள். சாம்பல் நிறமாக இருந்தால் வெயில் பட்டும் மங்கலாகத் தெரியும் தரை. அந்தச் சாம்பல்தான் சமவெளி. பழைய வானியலாளர்கள் அதைக் கடல் என்று நினைத்துப் பெயர் வைத்துவிட்டார்கள், ஆனால் அங்கே ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. எரிமலைக் குழம்பு பரவி இறுகிய பாறை அது. 1969 ஜூலையில் அப்பல்லோ 11 இறங்கிய 'அமைதிக் கடல்' அப்படிப்பட்ட இடம்தான். சுற்றிலும் வெளுப்பாகத் தெரியும் மேட்டு நிலம் வேறு வகைப் பாறை. அதன் உறவுக்காரப் பாறை நம் நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டியில் கிடைக்கிறது. சந்திரயான் 2 சோதனைகளுக்கு நிலா மண் மாதிரி தயாரிக்க இஸ்ரோ அந்தப் பாறையைத்தான் பயன்படுத்தியது.

சரி, அட்டக் கருப்பு இரண்டு வகை. ஒரு பக்கம் முழுக்க இருண்டு கிடப்பது பிறையின் இரவுப் பக்கம். அதன் எல்லைக்கோடு நாளுக்கு நாள் நகரும், சமவெளி நகராது. அந்த எல்லைக்கோட்டை ஒட்டிச் சின்னச் சின்னக் கருங்கிண்ணங்களாக இருப்பவை பள்ளங்கள். அங்கே சூரியன் அப்போதுதான் உதிக்கிறது. நம் ஊரில் காலை ஆறரை மணிக்கு மரநிழல் நீளுவது போல அங்கே பள்ளத்தின் விளிம்பு நிழல் நீளும்.

படத்தின் தெற்குப் பக்கத்தில் கோட்டருகே இருக்கும் கிண்ணத்துக்கு டைக்கோ என்று பெயர். குறுக்களவு சுமார் 85 கிலோமீட்டர், ஆழம் நாலரைக் கிலோமீட்டருக்கு மேல். நவமியன்று அதற்குள் நிழல் நிறைந்திருக்கிறது. இதே டைக்கோவைப் பௌர்ணமிப் படத்தில் பாருங்கள். நிழலே இல்லை. வெளிச்சம் நேராக விழுவதால் பள்ளம் மறைந்து ஒரு வெள்ளைப் புள்ளியும், அதிலிருந்து நாலாபக்கமும் ஓடும் வெள்ளைக் கீற்றுகளும் மட்டும் தெரிகின்றன. பள்ளம் பார்க்கப் பௌர்ணமிக்குக் காத்திருப்பவர்கள் ஏமாறுவது இதனால்தான்.

இன்னொரு குழப்பமும் உண்டு. படத்தைத் திருப்பிப் பிடித்தால் பள்ளம் கொப்புளம் மாதிரி துருத்திக்கொண்டு தெரியும். வெளிச்சம் மேலிருந்து வரும் என்று நம் கண் பழகிவிட்டது. அப்போது நிலாவின் ஒளிர்ந்த விளிம்பு எந்தப் பக்கம் என்று பாருங்கள், சூரியன் அந்தப் பக்கம். சூரியனுக்கு அருகிலுள்ள உட்சுவர் கருப்பாகவும் எதிர்ச்சுவர் வெளிச்சமாகவும் இருந்தால் அது பள்ளம்.

அடுத்து சாய்வு. எங்கள் தெரு டீக்கடையில் நடந்ததைச் சொல்கிறேன். மாமனும் மச்சானும் முகம் சிவந்து நிற்கிறார்கள். மாமன் பௌர்ணமியன்று சாயங்காலம் மொட்டை மாடியில் ஒரு படம் எடுத்திருக்கிறார். மச்சான் லாரி ஓட்டுபவர், அதே இரவு விடியற்காலையில் வண்டியை ஓரங்கட்டி ஒன்று எடுத்திருக்கிறார். மாமன் படத்தில் முயல் காதைத் தூக்கிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறது. மச்சான் படத்தில் அதே முயல் தலைகீழ். "நீ எங்கேயோ டவுன்லோடு பண்ணியிருக்க மாப்ளே" என்கிறார் மாமன். "கண்ணால பாத்து எடுத்தேன் மாமா, என் வண்டி மேல சத்தியம்" என்கிறார் மச்சான். டீ ஆறிவிட்டது. கடைக்காரர் மாமன் கட்சி, பரோட்டா மாஸ்டர் மச்சான் கட்சி.

இரண்டு போனையும் வாங்கிப் பெஞ்சில் வைத்தேன். மற்ற கருமைகளோடு சேராமல் விளிம்போரமாகத் தனியே ஒரு முட்டை வடிவக் கருந்திட்டு இருக்கும். மேர் கிரிசியம் என்பார்கள். மாமன் படத்தில் அது உச்சியில், மச்சான் படத்தில் கீழே வலப்புறம். மாமன் படத்தில் டைக்கோ வலது பக்கம், மச்சான் படத்தில் இடது பக்கம். மச்சானின் போனைத் திருப்பினேன். போனும் புத்திசாலித்தனமாகப் படத்தைத் திருப்பி நிமிர்த்திவிட்டது! மறுபடி திருப்பினேன், மறுபடி நிமிர்ந்தது. கூட்டம் கூடிவிட்டது. பால் வாங்க வந்த ஒரு பள்ளிக்கூடப் பெண், "தாத்தா, ஆட்டோ ரொட்டேட்டை ஆஃப் பண்ணுங்க" என்று சொல்லித் தானே அணைத்தாள். அப்புறம் திருப்பினால், திட்டுக்குத் திட்டு ஒட்டிக்கொண்டது. இரண்டு டீக்கும் மாமன்தான் காசு கொடுத்தார்.

காரணம் இதுதான். நிலாவின் வடதுருவம், கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும், எப்போதும் துருவ நட்சத்திரத்தின் பக்கம்தான் சாய்ந்திருக்கும். நமக்குத் துருவ நட்சத்திரம் அடிவானத்தை ஒட்டிக் கிடக்கிறது, சென்னையில் 13 பாகை உயரம், கன்னியாகுமரியில் 8. உதிக்கும் நிலாவை நோக்கிக் கிழக்கே திரும்பி நின்றால் வடக்கு நம் இடது கை. மறையும் நிலாவை நோக்கி மேற்கே நின்றால் வடக்கு வலது கை. ஆக ஒரே இரவில் நிலாவின் தலை இடமிருந்து வலமாகச் சென்னையில் சுமார் 150 பாகை திரும்பிவிடுகிறது. லண்டனில் துருவ நட்சத்திரம் உயரத்தில் இருப்பதால் ஏறக்குறைய அதில் பாதிதான். அதனால்தான் வெளிநாட்டுப் புத்தகத்தில் பார்த்த நிலாப் படம் நம் மாடியில் பொருந்துவதில்லை. திரும்புவது நிலா இல்லை, நம் அடிவானமும் அதோடு நாம் நிற்கும் நிலையும்தான். வடகோடு உயர்ந்தென்ன, தென்கோடு சாய்ந்தென்ன வான்பிறைக்கு?

பேரூராட்சித் தலைவர் அம்மா இங்கே இருப்பதால் இதை விடமாட்டேன். நான் சொன்ன கருந்திட்டுகளை வெறுங்கண்ணால் பார்க்கலாம். டைக்கோவின் நிழலைப் பார்க்கக் கருவி வேண்டும். பெரிய தொலைநோக்கி கேட்கவில்லை. பத்து மடங்கு பெருக்கமும் 50 மில்லிமீட்டர் முகப்புக் கண்ணாடியும் உள்ள ஒரு பைனாகுலரை ஒவ்வொரு கிளை நூலகத்திலும் வையுங்கள். புத்தகம் போலவே உறுப்பினர் அட்டையில் பதிந்து வீட்டுக்குக் கொடுங்கள். வளர்பிறைப் பஞ்சமி முதல் தசமி வரை பள்ளிப் பிள்ளைகளுக்கு முன்னுரிமை தரலாம், எல்லைக்கோட்டுப் பள்ளங்கள் சாயங்காலத்தில் நன்றாகத் தெரியும் நாட்கள் அவை. கைப்பிடிச் சுவரில் முழங்கையை ஊன்றிப் பார்த்தால் ஆடாது. சூரியன் பக்கம் மட்டும் ஒருபோதும் திருப்பக் கூடாது, கண் போய்விடும் என்று பெட்டியின் மேலேயே எழுதி ஒட்ட வேண்டும். மூன்று கூட்டங்களாக இதையே கேட்கிறேன், நடக்கும் வரை கேட்பேன்.

நிலா தலையாட்டும் விஷயத்துக்கு நேரமில்லை, தலைவர் மணியைத் தொட்டுவிட்டார். பைனாகுலருக்கான மனு நூலகர் அம்மாவின் மேசையில் இருக்கிறது. கையெழுத்துப் போடுபவர்கள் உறுப்பினர் எண்ணையும் எழுதுங்கள். இன்றைக்கு நிலா கிழக்கே ஏறியிருக்கும், வெளியே போனதும் இடது கைப்பக்கம் வடக்கு என்று வைத்துக்கொண்டு, உச்சிக்கருகே அந்தத் தனித் திட்டைத் தேடுங்கள். வணக்கம்.