தங்கூசியும் அளவுகோலும்: வீட்டு முற்றத்தில் ஒரு அலைன்மென்ட் சோதனை

நேயர்களுக்கு வணக்கம். தொழிற்பயிற்சி நிலையத்தில் மோட்டார் மெக்கானிக் பிரிவில் பாடம் நடத்தி ஓய்வுபெற்றவன் நான். போன ஆனி மாதம் தோவாளையிலிருந்து மச்சினன் காரோடு வந்து நின்றான். "இடது முன் டயரு உள்பக்கமா மொட்டையா போச்சு அத்தான். வண்டி நேராத்தான் ஓடுது, பின்ன ஏன்?" என்றான்.

பாதங்களை விரித்து நடப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். முன்சக்கரங்களும் அப்படி முன்பக்கம் விரிந்து நின்றால் டோ அவுட். குவிந்து நின்றால் டோ இன். விரிந்து நிற்கும் சக்கரங்கள் ஆளுக்கொரு பக்கம் இழுப்பதால் வண்டி நேராகவே ஓடும். ஆனால் டயர் சாலையில் உரசிக்கொண்டே போகும், உள்விளிம்பு தேயும். சக்கரத்தின் மேல்பகுதி உள்ளேயோ வெளியேயோ சாயும் கோணம்தான் கேம்பர், அது கெட்டாலும் உள்பக்கம் தேயலாம். எது என்று பார்க்கத்தான் காரின் இருபுறமும் நூல் கட்டி அளப்பது.

நூல் என்றால் பஞ்சு நூல் வேண்டாம், அது தொய்யும். மீன்பிடிக்கிறவர்களிடம் கிடைக்கும் தங்கூசி நரம்பு போதும். ஒரே நீளத்தில் இரண்டு பிவிசி பைப் எடுத்து, இரண்டிலும் 190 சென்டிமீட்டர் இடைவெளியில் வெட்டுக்குறி போட்டேன். காரின் முன்னே ஒரு பைப், பின்னே ஒரு பைப். இரண்டையும் நாற்காலி, செங்கல் வைத்து சக்கர மையத்தின் உயரத்துக்கு ஏற்றி, வெட்டுகளில் நரம்பை இழுத்துக் கட்டினால் காரின் இருபுறமும் இணையான இரண்டு கோடுகள். தரை சமமாக இருக்க வேண்டும்; மழைநீர் வழிய சரிவு விட்ட முற்றத்தைவிட கார் நிறுத்தும் டைல்ஸ் தரை நல்லது. ஆரல்வாய்மொழிக் காற்று வீசுகிற நாளில் நரம்பு துடித்துக்கொண்டே இருக்கும். நாங்கள் காற்று அடங்கியிருந்த விடியற்காலையில் செய்தோம்.

பலர் நூலைப் பின்டயரில் ஒட்டி முன்டயருக்கு இழுத்துப் பார்ப்பார்கள். அங்கேதான் தவறு. பல கார்களில் முன், பின் சக்கரங்களின் இடைவெளி ஒன்றாக இருப்பதில்லை. அந்த வித்தியாசம் டோ கோளாறு போலத் தெரியும். டயர் கீழே புடைத்தும் இருக்கும். ஆகவே முன்சக்கர மையத்திலிருந்து நூலுக்குள்ள தூரம் இடதும் வலதும் ஒன்றாக வரும்வரை முன்பைப்பை நகர்த்துங்கள். பின்சக்கரத்துக்கும் அதேபோல். முன்னும் பின்னும் ஒன்றாக வரத் தேவையில்லை.

நூல் கட்டுவதற்கு முன்பே ஸ்டியரிங்கை நேராக்கி, வண்டியை நாலைந்து அடி முன்னோக்கி உருட்டி நிறுத்துங்கள். ஜாக்கியில் ஏற்றி இறக்கிய உடனே அளந்தால் சஸ்பென்ஷன் தன் நிலைக்கு வந்திருக்காது. நூல் கட்டிய பிறகு ஸ்டீல் ஸ்கேலை நூலில் படாமல் பிடித்து, ரிம்மின் முன்விளிம்பிலும் பின்விளிம்பிலும் அளந்து எழுதுங்கள்.

மச்சினன் காரில் இடதுசக்கரம்: முன்விளிம்பு 132 மில்லிமீட்டர், பின்விளிம்பு 136. முன்விளிம்பு நூலுக்கு 4 மில்லிமீட்டர் நெருங்கி நிற்கிறது, அதாவது 4 வெளியே விரிந்திருக்கிறது. வலது: 135, 134. அது 1 உள்ளே. "வலது நல்லாத்தானே இருக்கு, இடதை மட்டும் சரிபண்ணினா போதும்லா?" என்றான். இல்லை. ஸ்டியரிங் கொஞ்சம் இடப்பக்கம் திரும்பியிருந்தால், இடதில் கூடுகிற விரிவு வலதில் அதே அளவு குறையும், கூட்டுத்தொகை மாறாது. நம்ப வேண்டியது அந்தக் கூட்டுத்தொகையை: 4இல் 1 போக 3 மில்லிமீட்டர் விரிவு. உண்மையில் ஆளுக்கு ஒன்றரை. அந்த 14 அங்குல ரிம்மில் 3 மில்லிமீட்டர் என்பது அரை டிகிரிக்குச் சற்றுக் குறைவு. என் கைக்கும் கண்ணுக்கும் ஒரு மில்லிமீட்டர் பிழை சகஜம். அதனால் கூட்டுத்தொகை 2க்குள் இருந்தால் நான் எதுவும் சொல்ல மாட்டேன்.

குழியில் விழுந்த ரிம் நெளிந்திருந்தாலும் கணக்கு பிசகும். சக்கரம் அரைச்சுற்று உருளும் அளவுக்குக் காரை நகர்த்தி, நூலை மறுபடி அமைத்து அளந்தோம். மீண்டும் 3. ரிம் மேல் குற்றமில்லை.

நூல் இல்லாவிட்டால், வளையாத அலுமினியச் சட்டத்தை ரிம் விளிம்பில் ஒட்டிப் பிடிக்கலாம். ஆனால் சட்டம் டயரின் புடைப்பில் பட்டால் அளவு பொய். கேம்பருக்குத் தூக்குக்குண்டு வைத்துப் பெரிய கோளாறு இருக்கிறதா என்று பார்க்கலாம், அவ்வளவுதான். சக்கரம் திரும்பும் அச்சு முன்னோ பின்னோ சாயும் கோணமான காஸ்டரை இந்த முறையில் தொட முடியாது.

கடைசியாக, முன்சக்கரத்தைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, கடிகாரத்தின் 9, 3 இருக்கும் இடங்களில் பிடித்து ஆட்டினேன். இடது சக்கரம் 'கடக்' என்றது. ஸ்டியரிங்கிலிருந்து சக்கரத்தைத் திருப்பும் கம்பி டை ராடு; அதன் முனை மூட்டான டை ராடு எண்ட் தேய்ந்திருந்தது. ஒர்க்‌ஷாப்பில் வண்டியை நேரே மெஷினில் ஏற்றப் போனார்கள். முதலில் அந்த ஆட்டத்தைக் காட்டச் சொல்லியிருந்தேன், மச்சினன் காட்டினான். எண்டை மாற்றிய பிறகுதான் டோவை வைத்தார்கள், இரண்டு பக்க டை ராடையும் சமமாகத் திருப்பி. வீட்டுக்கு வந்தபோது ஸ்டியரிங் நடுவில் நேராக நின்றது.