ஆய்வுச் சுருக்கமும் முடிவுரையும் தனித்து நிற்க வேண்டும்: ஓர் அறிக்கையைத் திருத்திப் பார்ப்போம்

[திரையில்: நான்கு வரிச் சுருக்கம்]

வணக்கம். திரையில் இருப்பதை ஒருமுறை வாசிக்கிறேன்.

"இந்த ஆய்வில் மூன்று கலவைகள் தயாரிக்கப்பட்டு அவற்றின் வலிமை சோதிக்கப்பட்டது. கலவை-2 நல்ல பலன் தந்தது. கலவை-3இன் வலிமை குறைவாக இருந்தது. முடிவுகள் அட்டவணை 4இல் விரிவாக விவாதிக்கப்பட்டுள்ளன."

இது எதைப் பற்றிய ஆய்வு? மருந்தா, பசையா, உலோகமா? சொல்ல முடியவில்லை, இல்லையா? உண்மையில் இது கான்கிரீட் பற்றியது. அந்தச் சொல்லே சுருக்கத்தில் வரவில்லை. எழுதியவரைக் கேட்டால் "தலைப்பில் இருக்கிறதே" என்பார். அவர் மனதில் முழு அறிக்கையும் இருக்கிறது. வாசிப்பவர் கையில் இந்த நான்கு வரி மட்டும்தான்.

[திரையில்: தேடல் தளத்தில் ஒரு சுருக்கம், கீழே "முழுக் கட்டுரை சந்தாதாரர்களுக்கு மட்டும்"]

பப்மெட் போன்ற தேடல் தளங்களில் காட்டப்படுவது பெரும்பாலும் சுருக்கம்தான். முழுக் கட்டுரை பல நேரம் கட்டணச் சுவருக்குப் பின்னால் இருக்கும். அங்கே அட்டவணை 4ஐ எப்படிப் பார்ப்பது? அதனால் எளிய சோதனை ஒன்று: சுருக்கத்தை மட்டும் தனிக் கோப்பில் ஒட்டுங்கள். "மேற்கண்ட", "அட்டவணை", "படம்", நீங்களே வைத்த குறியீட்டுப் பெயர்கள், விரிக்காத சுருக்கெழுத்துகள், மேற்கோள் எண்கள் ஆகிய எல்லாவற்றையும் அடிக்கோடிடுங்கள். அவை எல்லாம் வாசகரை வேறோர் இடத்துக்குப் போகச் சொல்கின்றன. அந்த இடம் அவரிடம் இல்லை.

நம் எடுத்துக்காட்டு அறிக்கையை முழுதாகப் பார்ப்போம். இந்தப் பாடத்துக்காக நானே அமைத்தது, எண்களும் அப்படியே. சிமெண்டின் ஒரு பகுதிக்குப் பதிலாக, அனல்மின் நிலையங்களில் நிலக்கரி எரிந்தபின் கிடைக்கும் நுண்சாம்பலை, அதாவது ஃப்ளை ஆஷைச் சேர்க்கிறார்கள். கலவை-1இல் ஃப்ளை ஆஷ் இல்லை, கலவை-2இல் சிமெண்டின் எடையில் 20 சதவீதம், கலவை-3இல் 40.

[திரையில்: 7ஆம் நாள் 27, 22, 15 | 28ஆம் நாள் 38, 36, 29 | 90ஆம் நாள் 43, 44, 37 மெகாபாஸ்கல்]

இனி திருத்துவோம். "மூன்று கலவைகள்" என்ற இடத்தில் என்ன கலந்தது, எவ்வளவு என்று வரவேண்டும். "வலிமை" என்றால் எந்த வலிமை, எந்த வயதில்? கான்கிரீட்டில் வயதைச் சொல்லாத வலிமைக்குப் பொருளே இல்லை, ஏனென்றால் அது நாளுக்கு நாள் ஏறும். "நல்ல பலன்" என்பதை எண்ணால் மாற்றுங்கள். கடைசி வரியை முழுதாக நீக்கிவிடுங்கள். "விவாதிக்கப்பட்டுள்ளன" என்ற சொல் வந்தாலே, விவாதத்தின் முடிவைச் சொல்லாமல் விட்டோம் என்று அர்த்தம்.

[திரையில்: திருத்திய சுருக்கம்]

"சிமெண்டின் ஒரு பகுதியை ஃப்ளை ஆஷால் மாற்றினால் கான்கிரீட்டின் அழுத்த வலிமை காலப்போக்கில் எப்படி மாறுகிறது என்று இந்த ஆய்வு பார்த்தது. சிமெண்டின் எடையில் 0, 20, 40 சதவீதத்தை மாற்றி மூன்று கலவைகள் தயாரிக்கப்பட்டன. சிமெண்டும் ஃப்ளை ஆஷும் சேர்ந்த எடைக்கு நீரின் விகிதம் மூன்றிலும் 0.45. நீரில் ஊறவைத்த 150 மி.மீ. கனசதுரங்கள், ஒவ்வொரு முறையும் கலவைக்கு மூன்றாக, 7, 28, 90ஆம் நாள்களில் சோதிக்கப்பட்டன. 20 சதவீதக் கலவையின் சராசரி வலிமை 7ஆம் நாளில் 22 மெகாபாஸ்கல். ஃப்ளை ஆஷ் இல்லாததில் 27. 90ஆம் நாளில் இரண்டும் இணையாக வந்தன (44, 43). 40 சதவீதக் கலவை 90ஆம் நாளிலும் 37ஐத் தாண்டவில்லை. ஒரே இடத்திலிருந்து பெற்ற ஃப்ளை ஆஷ் மட்டுமே பயன்படுத்தப்பட்டது."

28ஆம் நாள் எண்கள் இதில் இல்லை, வேண்டுமென்றேதான் விட்டேன். எல்லா எண்ணையும் கொட்டினால் அது அட்டவணையாகிவிடும். முடிவைத் தாங்கும் எண்கள் போதும்.

இன்னொன்று: 44, 43ஐவிடப் பெரியதுதான். ஆனாலும் "விஞ்சியது" என்று எழுதவில்லை. மூன்று மூன்று கனசதுரங்களின் சராசரியில் 1 மெகாபாஸ்கல் வேறுபாடு தற்செயலாகவே வரலாம். அறிக்கையின் உள்ளே சிதறலைக் காட்டி எச்சரிக்கையாகப் பேசிவிட்டு, சுருக்கத்தில் மட்டும் "விஞ்சியது" என்று எழுதுவதை நிறையப் பார்க்கிறோம். சுருக்கத்தை மட்டும் வாசிப்பவருக்கு அந்த எச்சரிக்கை போய்ச் சேராது. என் கணக்கில் இது, சுருக்கத்தில் "அட்டவணை 4" என்று சுட்டுவதைவிடப் பெரிய பிழை.

[திரையில்: முடிவுரை]

முடிவுரைக்கு வருவோம். தலைப்பைப் பார்த்துவிட்டு நேரே கடைசிப் பக்கத்துக்குப் போகிறவர்கள் பலர். அதனால் முடிவுரையும் தனியாக நிற்க வேண்டும். ஆனால் சுருக்கத்தையே வெட்டி ஒட்டினால் அது முடிவுரை ஆகாது. என்ன செய்தோம், என்ன கிடைத்தது என்பது சுருக்கம். கிடைத்ததை வைத்து எதைச் சொல்லலாம், எதுவரை சொல்லலாம் என்பது முடிவுரை.

"சிமெண்டின் எடையில் 20 சதவீதத்தை ஃப்ளை ஆஷால் மாற்றிய கான்கிரீட், 7ஆம் நாளில் 19 சதவீதம் வலிமை குறைந்திருந்து, 90ஆம் நாளில் ஃப்ளை ஆஷ் இல்லாத கான்கிரீட்டுக்கு இணையானது. எனவே சென்ட்ரிங்கைச் சீக்கிரம் பிரிக்க வேண்டிய வேலைகளில் இந்தத் தொடக்கக் குறைவைக் கணக்கில் எடுக்க வேண்டும். 40 சதவீதத்தில் 90ஆம் நாளிலும் 14 சதவீதக் குறைவு நீடித்தது. இவை ஒரே இடத்து ஃப்ளை ஆஷுக்கும் 0.45 நீர் விகிதத்துக்கும் ஆய்வகச் சூழலுக்கும் உரியவை. நீடித்துழைக்கும் தன்மை சோதிக்கப்படவில்லை."

இதில் "கலவை-2" என்ற பெயரே வரவில்லை, கவனித்தீர்களா? கடைசிப் பக்கத்துக்கு நேரே வந்தவருக்கு அது புரியாது. செலவு எவ்வளவு மிச்சம் என்ற பேச்சும் இல்லை, ஏனென்றால் அறிக்கை அதைக் கணக்கிடவே இல்லை. உள்ளே இல்லாத புதுச் செய்தி முடிவுரையில் முளைக்கக் கூடாது. காரணம் சொல்வதும் அப்படித்தான். சிமெண்ட் நீரோடு வினைபுரியும்போது வெளிவரும் கால்சியம் ஹைட்ராக்சைடோடு ஃப்ளை ஆஷ் மெதுவாகச் சேர்வதால்தான் வலிமை தாமதமாக வருகிறது என்பது தெரிந்த விஷயம். ஆனால் இந்த ஆய்வு அந்த வினையை அளக்கவில்லை. உள்ளே விவாதித்திருந்தால் "காரணமாக இருக்கலாம்" என்று எழுதலாம். "நிரூபிக்கப்பட்டது" என்று எழுத முடியாது.

[திரையில்: சுருக்கமும் அட்டவணையும் பக்கத்தில் பக்கத்தில்]

கடைசியாக எண்களைச் சரிபார்ப்பது. 1999இல் ஜாமா மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வந்தது. ஆறு மருத்துவ இதழ்களின் சுருக்கங்களை அந்தந்தக் கட்டுரைகளோடு ஒப்பிட்டார்கள். கட்டுரையோடு முரண்படும் எண்ணோ, கட்டுரையிலேயே இல்லாத தகவலோ இருந்த சுருக்கங்கள், இதழைப் பொறுத்து 18 முதல் 68 சதவீதம் வரை இருந்தன. இப்படி நேர்வதற்கு ஒரு வழி மிக எளிது. சுருக்கத்தை முதலில் எழுதிவிடுவோம். பிறகு ஒரு மாதிரியை விலக்கி, சராசரியைத் திருத்தி, அட்டவணையை மாற்றுவோம். சுருக்கம் பழைய எண்ணோடு அப்படியே நிற்கும்.

ஆகவே முடிவுரையை எழுதியபின் சுருக்கத்தை எழுதுங்கள். இரண்டிலும் உள்ள ஒவ்வோர் எண்ணையும் அட்டவணையில் விரல் வைத்துப் பாருங்கள். சதவீதங்களை மறுபடி கணக்கிடுங்கள்: 27இலிருந்து 22 என்றால் 5 குறைவு, 5ஐ 27ஆல் வகுத்தால் சுமார் 19 சதவீதம், சரி. மதிப்பீட்டாளர் சொன்ன திருத்தங்களைச் செய்து அறிக்கையைத் திருப்பி அனுப்புவதற்கு முன் இதை மறுபடியும் முதலிலிருந்து செய்யுங்கள்.