ஹாலுக்கும் ஆன்லைனுக்கும் சேர்த்து ஒரு கூட்டம்

வணக்கம். எங்க ஊர் வாசகர் கூட்டத்துல சவுண்ட் பாத்துக்குறது என் வேலை. ஹால்ல ஒரு நாப்பது பேர் உக்காந்திருப்பாங்க, வெளியூர்ல இருந்து இருபது பேர் ஜூம்ல வருவாங்க. இப்படி ரெண்டு பக்கமும் ஆள் இருக்குற கூட்டத்துக்கு எல்லாரும் முதல்ல கேமராவைத்தான் யோசிக்கிறாங்க, நான் சத்தத்தைப் பத்தி மட்டும் பேசப்போறேன். படம் மங்கலா இருந்தா பொறுத்துக்குவாங்க, பேச்சு புரியலன்னா அஞ்சு நிமிஷத்துல போயிடுவாங்க.

இப்ப ரேடியோல நான் பேசுறது தெளிவா கேக்குதுன்னா என் வாய்க்கும் மைக்குக்கும் நடுவுல ஒரு சாண் தூரம்தான் இருக்குன்றதுதான் காரணம். நாங்க முதல் கூட்டத்துல என்ன பண்ணோம்னா, லேப்டாப்பை மேஜைல வெச்சுட்டோம், பேசுறவர் பத்தடி தள்ளி நின்னாரு, லேப்டாப்புக்கு நேர் மேல ஃபேன் ஓடுச்சு. ஹால்ல எல்லாருக்கும் நல்லா கேட்டுச்சு, ஆன்லைன்ல இருந்தவங்களுக்கு கிணத்துக்குள்ள இருந்து பேசுற மாதிரி இருந்துச்சாம். ஹால்ல உக்காந்திருக்கவங்க காது ஃபேன் சத்தத்தை ஒதுக்கிட்டு பேச்சை மட்டும் பிடிச்சுக்கும், மைக்குக்கு அது தெரியாதுங்க.

சரின்னு அடுத்த தடவை, ஹால் மைக் சத்தமெல்லாம் சேர்ந்து ஸ்பீக்கருக்குப் போற மிக்ஸர் பெட்டில இருந்தே லேப்டாப்புக்கு ஒயர் இழுத்தோம். லேப்டாப்புல ஹெட்போன் ஓட்டை ஒண்ணுதான், அதுல சாதாரண பின்னைச் சொருகினா ஹெட்போன்னு நெனச்சுக்கும், மிக்ஸர் சத்தம் உள்ளயே போகாது. அதுக்கு யுஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸ்னு ஒரு சின்ன பெட்டி இருக்கு, மிக்ஸர் ஒயரை அதுல குடுத்து, அதை லேப்டாப்புல மாட்டி, ஜூம் செட்டிங்ஸ்ல மைக்னு அதையே தேர்ந்தெடுக்கணும். இதை மறந்தா லேப்டாப் தன்னோட மைக்கையே கேட்டுட்டு இருக்கும், யாரும் கவனிக்க மாட்டாங்க. மைக் பிடிச்சவர் வாயைத் திறக்காதப்ப லேப்டாப்பை விரலால லேசா தட்டிப் பாருங்க, ஆன்லைன்ல டொக் டொக்குன்னு கேட்டா தப்பான மைக் ஓடுதுன்னு அர்த்தம்.

பேச்சு இப்ப சுத்தமா போச்சு. ஆனா கேள்வி நேரத்துல கோயம்புத்தூர்ல இருந்து ஒரு அம்மா பேச ஆரம்பிச்சாங்க, ரெண்டு வார்த்தை பேசிட்டு நிறுத்திட்டாங்க, திரும்ப ஆரம்பிச்சாங்க, திரும்ப நிறுத்திட்டாங்க. அவங்க குரலே கொஞ்சம் லேட்டா அவங்களுக்குத் திரும்பக் கேக்குது, அப்படிக் கேட்டா யாராலயும் பேச முடியாது. நாங்க விவரம் தெரியாம அவங்ககிட்ட போய் "உங்க ஸ்பீக்கரைக் குறைங்கம்மா"ன்னு சொன்னோம், பாவம். தன் குரல் தனக்கே எதிரொலிச்சா தப்பு பெரும்பாலும் எதிர்ப்பக்கத்துலதான், அதாவது எங்க ஹால்ல. அவங்க குரல் லேப்டாப்புல இருந்து மிக்ஸருக்கு வருது, மிக்ஸர் அதை ஹால் ஸ்பீக்கருக்கும் அனுப்புது, கூடவே லேப்டாப்புக்கும் திருப்பி அனுப்பிடுது.

இதுக்கு வழி மிக்ஸர்லயே இருக்கு. ஹால் ஸ்பீக்கருக்குப் போற மெயின் அவுட்ல இருந்து லேப்டாப்புக்கு ஒயர் எடுக்காதீங்க, ஆக்ஸ்னு தனியா ஒரு அவுட் இருக்கும், அதுல இருந்து எடுங்க. மிக்ஸருக்குள்ள வர்ற ஒவ்வொரு சத்தத்துக்கும் சேனல்னு தனி வரிசை இருக்கும், ஒவ்வொரு சேனலுக்கும் ஆக்ஸ்னு ஒரு திருகு இருக்கும். பேசுறவர் மைக், கேள்வி கேக்குற கை மைக், இந்த ரெண்டுக்கும் அந்தத் திருகை ஏத்துங்க, லேப்டாப் சத்தம் வர்ற சேனலுக்கு மட்டும் சுத்தமா சைபர். அவ்ளோதான், ஹாலுக்கு எல்லா சத்தமும் போகும், ஆன்லைனுக்கு அவங்க சத்தம் தவிர மத்ததெல்லாம் போகும். சவுண்ட்காரங்க இதை மிக்ஸ் மைனஸ்னு சொல்வாங்க. இதுக்கப்புறமும் லேசா எதிரொலி இருந்தா ஹால் ஸ்பீக்கர் சத்தம் மைக்ல ஏறுதுன்னு அர்த்தம், ஆன்லைன் ஆள் பேசும்போது ஹால் மைக்கை இறக்கி வைங்க.

ஹால்ல யாராவது ஆர்வத்துல போன்லயும் ஜூம்ல சேர்ந்து சத்தம் வெச்சா கீச்சுன்னு கத்தும், அதனால வாசல்லயே சொல்லிடறோம்.

அப்புறம் கை மைக். "எனக்கு மைக் வேணாம், என் குரல் பெருசு"ன்னு ஒருத்தர் எந்திரிச்சு நின்னு கேப்பாரு, ஹாலே சிரிக்கும், ஆன்லைன்ல இருபது பேரும் எதுக்கு சிரிக்கிறாங்கன்னு தெரியாம உக்காந்திருப்பாங்க. மைக் கைக்குப் போற வரைக்கும் கேள்வியை ஆரம்பிக்க விடாதீங்க, முடியலன்னா பேசுறவர் கேள்வியைத் திரும்பச் சொல்லிட்டு பதில் சொல்லட்டும்.

ஒத்திகைக்கு கூட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்னாடியே ஒருத்தரை அவங்க வீட்டுல இருந்து ஜூம்ல வரச் சொல்லுங்க. ஹால்லயே இன்னொரு போன்ல கேட்டுப் பாத்தா பத்தாது, நேர்ல வர்ற சத்தமும் காதுல விழுறதால ஏமாந்துடுவீங்க. வீட்டுல இருக்கவர் இயர்போன் போட்டுட்டு, கேக்குறதோட நிக்காம பேசவும் பேசணும், அப்பதான் எதிரொலி இருக்கா இல்லையான்னு தெரியும். எங்களுக்கு இப்ப அந்த வேலையை கோயம்புத்தூர் அம்மாதான் செய்றாங்க. கூட்டம் அஞ்சு மணிக்குன்னா நாலு மணிக்கே வந்துடுவாங்க, "கேக்குதுப்பா, ஆரம்பிங்க"ன்னு அவங்க சொன்னப்புறம்தான் ஹால் கதவைத் திறக்குறோம்.