மேனேஜர் சொன்ன நூலுக்கு முதலாளி ஏன் பணம் கட்டணும்?

[திரையில்: திருப்பூரில் ஒரு நூல் கடை. டெம்போவில் மூட்டை ஏறுகிறது.]

வணக்கமுங்க. இது நடந்த கதை இல்லை, விளக்கறதுக்காக நான் கட்டின கதை. ஆனா திருப்பூர்ல தொழில் பண்றவங்களுக்குப் பழக்கமான கதையாத்தான் இருக்கும்.

நூல் கடைக்காரர் ஒருத்தருக்குச் சாயங்காலம் போன் வருது. பேசறது ஒரு பனியன் கம்பெனி மேனேஜர். "அண்ணா, 30-ஆம் நம்பர் நூலு 32 மூட்டை வேணுமுங்க. நிட்டிங்குக்கு நேரா இறக்கிருங்க, அட்ரஸ் அனுப்பறேன். பில்லு எப்பவும்போல கம்பெனி பேருக்கே போடுங்க." மூட்டை 50 கிலோ, கிலோ 250 ரூபாய்னு வச்சா 1,600 கிலோவுக்கு 4 லட்சம். வரி தனி.

லோடு போயிருச்சு. ரெண்டு நாள்ல மேனேஜர் அந்த நூலை வேற ஆளுக்கு வித்துப்போட்டு ஊரை விட்டே கிளம்பிட்டார். தவணை முடிஞ்சு கடைக்காரர் செக் கேட்டுப் போறார். முதலாளி சொல்றார்:

"ஏனுங்க, ரெண்டு லட்சத்துக்கு மேல என்னைக் கேக்காம வாங்கக் கூடாதுன்னு அந்தாளுகிட்டச் சொல்லி வச்சிருக்கறனுங்க. நூலு என்ற கம்பெனிக்கே வரலை. நீங்க அவனைத்தான் பிடிக்கோணும்."

முதலாளி பொய் சொல்லலைங்க. உண்மையாவே அப்படித்தான் சொல்லி வச்சிருந்தார். சட்டம் இதுக்கு என்ன சொல்லுது?

[திரையில்: இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872]

மத்தவங்ககிட்ட நமக்காகப் பேச, வாங்க, விக்க நாம வைக்கற ஆள் முகவர். இந்தக் கதையில மேனேஜர்தான் முகவர். அவருக்கு மெய்யாவே எவ்வளவு அதிகாரம் இருந்துதுங்கறது முதலாளிக்கும் அவருக்கும் நடுவுல உள்ள விஷயம். வாயால சொன்னதாவும் இருக்கலாம், வேலையைக் கொடுத்ததுலயே அடங்கியிருக்கறதாவும் இருக்கலாம். 186-ஆம் பிரிவு ரெண்டையும் ஏத்துக்குது. அந்தக் கணக்குல மேனேஜரோட அதிகாரம் ரெண்டு லட்சத்தோட நின்னுபோச்சு. நாலு லட்சம் ஆர்டருக்கு அவருக்கு மெய்யான அதிகாரம் கிடையாது.

முதலாளியோட வக்கீல் இங்கே 228-ஆம் பிரிவை எடுத்து நீட்டுவார். சட்டத்துலயே அதுக்கு ஒரு ஆட்டுக் கணக்கு இருக்கு. 500 ஆடு வாங்கச் சொல்லி அனுப்பின ஆள், 500 ஆட்டோட 200 குட்டியையும் சேத்து ஒரே விலை பேசி 6,000 ரூபாய்க்கு வாங்கிட்டார். முதலாளி மொத்த வியாபாரத்தையுமே வேண்டாம்னு சொல்லலாம். நம்ம நூலும் ஒரே ஆர்டர்தானே, பிரிக்க முடியாதேன்னு கேப்பார். கேக்க நல்லாத்தான் இருக்கும்.

ஆனா 237-ஆம் பிரிவு குறுக்கே நிக்குது. முகவருக்கு அதிகாரம் இருக்குன்னு வெளி ஆள் நம்பறமாதிரி முதலாளியோட சொல்லோ நடத்தையோ இருந்துச்சுன்னா, உள்ளே அதிகாரம் இல்லாட்டியும் முதலாளி கட்டுப்படணும். இதைத்தான் தோற்ற அதிகாரம்னு சொல்றோம். சட்டம் தர்ற உதாரணம்: ஒருத்தர் சரக்கை விக்கச் சொல்லி ஏஜென்ட்டுக்கு அனுப்பி, இந்த விலைக்குக் கீழே கொடுக்காதேன்னு சொல்றார். ஏஜென்ட் கீழே விக்கறார். வாங்கினவருக்கு அந்தக் கட்டளை தெரியாது. வியாபாரம் செல்லும்.

அப்ப நம்ம முதலாளியோட நடத்தை என்ன? கடைக்காரர் தன் பீரோவைத் திறக்கறார்.

[திரையில்: பழைய பில்கள், வங்கி ஸ்டேட்மென்ட்]

மூணு வருஷமா இதே மேனேஜர், இதே போன் நம்பர்ல ஆர்டர் சொல்லியிருக்கார். பில்லு கம்பெனி பேருக்கு. பணம் கம்பெனி அக்கவுன்ட்ல இருந்து, முதலாளி கையெழுத்துப் போட்ட செக்குல. அதுல மூணு பில்லு மூணரை லட்சத்துக்கு மேல. என்னைக் கேட்டுட்டுத்தான் அதை வாங்கினான்னு முதலாளி சொல்லலாம். அது கடைக்காரருக்கு எப்படித் தெரியும்? அவர் பாத்தது மேனேஜர் போன் பண்ணினதும் செக் வந்ததும்தான். கேஸே இந்தச் செக்குலதான் இருக்குங்க. வக்கீல் வாதம் எல்லாம் அப்புறம்.

கம்பெனிக்கு இறக்காம வேற இடத்துல இறக்கச் சொன்னப்பவே கடைக்காரர் சந்தேகப்பட்டிருக்க வேண்டாமான்னு கேப்பீங்க. வேற ஊர்ல இந்தக் கேள்வி எடுபடலாம். திருப்பூர்ல நூல் நேரா ஜாப் ஒர்க் நிட்டிங்குக்குப் போறது அன்றாட வழக்கம். ஆனா மேனேஜர், "பில்லை வேற பேருக்குப் போடுங்க", இல்லாட்டி "ரொக்கமா என் கைக்குக் கொஞ்சம் திருப்பிக் கொடுங்க"ன்னு சொல்லியிருந்தா கதையே வேற. அதுக்கப்புறமும் விசாரிக்காம லோடு ஏத்தினவர் நம்பினேன்னு சொல்ல முடியாது. ரெண்டு லட்சம் வரம்பு அவர் காதுக்கு முன்னாடியே வந்திருந்தாலும் அதே நிலைதான்.

இங்க நிறையப் பேர் சறுக்கற இடம் ஒண்ணு இருக்குங்க. தோற்றத்தை உண்டாக்க வேண்டியது முதலாளி. முகவரே உண்டாக்கிக்க முடியாது. முன்னப்பின்ன தெரியாத ஒருத்தர் வந்து, "நான் அந்தக் கம்பெனி ஆளுங்க"ன்னு சொல்லி விசிட்டிங் கார்டு நீட்டினா, அது அவர் வாய்ச்சொல் மட்டுந்தான். கம்பெனி கட்டுப்படாது. 235-ஆம் பிரிவுப்படி அந்த ஆள்மேலதான் நஷ்ட ஈடு கேக்க முடியும், அவர் கையில கிடைச்சா.

நம்ம மேனேஜருக்கும் இந்த எல்லை உண்டு. நூல் வாங்கற ஆளுன்னு தோற்றம் இருந்தா அது நூலுக்கு மட்டும். அவர் கம்பெனி பேரைச் சொல்லி அஞ்சு லட்சம் கைமாத்து வாங்கினாலோ, நிட்டிங் மெஷினை வித்தாலோ அந்தச் செக்கு எல்லாம் உதவாது. 1978-ல உச்ச நீதிமன்றம் ஸ்டேட் பேங்க் வழக்கு ஒண்ணுல இதுக்குப் பக்கத்துல வர்ற விஷயத்தைச் சொல்லுச்சு. பேங்க்குல வேலை பாக்கற தெரிஞ்சவர்கிட்ட, கணக்குல கட்டச் சொல்லி ஒரு அம்மா பணம் கொடுக்கறாங்க, அவர் சுருட்டிடறார். நண்பர்ங்கற முறையில வாங்கின பணம், பேங்க் வேலையில வாங்கினது இல்லை, அதனால பேங்க் பொறுப்பில்லைன்னு தீர்ப்பு.

[திரையில்: GSTR-2B பக்கம்]

முதலாளிக்கு இன்னொரு சிக்கல் இருக்கு. கடைக்காரர் பில்லு போட்டுக் கணக்குத் தாக்கல் பண்ணினதும் அது கம்பெனியோட GSTR-2B-ல, அதாவது கம்பெனி எடுத்துக்கக்கூடிய வரி வரவைக் காட்டற ஜிஎஸ்டி பட்டியல்ல வந்து நிக்கும். அந்த 4 லட்சத்து மேல இருக்கற வரியை முதலாளி தனக்கு வரவு எடுத்துட்டு, நூலு எனக்கு வேண்டாம்னு சொன்னா நீதிமன்றத்துல முகம் கொடுக்க முடியாது. விவரம் தெரிஞ்சே எடுத்திருந்தா, நடத்தையால ஒப்புதல் கொடுத்துட்டார்னு 197-ஆம் பிரிவை வச்சு வாதாடலாம். ஆடிட்டர் தானா எடுத்திருப்பார், முதலாளிக்கு விஷயமே தெரியாதுன்னா 198-ஆம் பிரிவு அவருக்குத் துணை வரும்.

ஆகக் கடைக்காரருக்குப் பணம் கட்ட வேண்டியது முதலாளி. கட்டிட்டு, சொன்னபடி நடக்கலைன்னு 211-ஆம் பிரிவுல மேனேஜர்கிட்ட அவர் வசூல் பண்ணிக்கலாம்.

கதையைக் கொஞ்சம் மாத்துவோம். மேனேஜரை மாசக் கடைசியில வேலையை விட்டு அனுப்பியாச்சு. அஞ்சாம் தேதி அவர் ஆர்டர் போடறார். கடைக்காரருக்கு விஷயம் தெரியாது. 208-ஆம் பிரிவுப்படி, வெளி ஆளைப் பொறுத்தவரை அவருக்குத் தெரியவர்றப்பத்தான் அதிகாரம் முடியுது. இதுக்குச் சட்டத்துல இருக்கற உதாரணமும் நம்ம ஊருக்குப் பழகின சரக்குதான்: பம்பாய் கிடங்குல கிடக்கற பஞ்சை விக்கச் சொல்லி மெட்ராஸ்ல இருந்து ஒருத்தர் கடிதம் போடறார். அப்புறம் வேண்டாம்னு ரெண்டாவது கடிதம். ரெண்டாவதைப் படிச்சும் ஏஜென்ட் வித்துட்டுப் பணத்தோட ஓடிடறார். முதல் கடிதம் மட்டும் தெரிஞ்சு பணம் கொடுத்தவர் தப்பிச்சார், மெட்ராஸ்காரர்தான் நஷ்டப்பட்டார்.

பேப்பர்ல விளம்பரம் கொடுத்தா போதுமான்னு கேக்கறாங்க. கடைக்காரர் அதைப் படிச்சார்னு காட்ட வேண்டிய பாரம் உங்க தலைமேலதான் விழும். அந்த மேனேஜர்கூட வியாபாரம் பண்ணின ஒவ்வொரு நூல் கடைக்கும், டையிங்குக்கும், நிட்டிங்குக்கும் தனித்தனியா வாட்ஸ்அப்போ மெயிலோ போடுங்க, பதில் வந்தா பத்திரப்படுத்துங்க. அதோட அவர் கையில இருக்கற கம்பெனி சிம்மை அன்னைக்கே வாங்கிருங்க. கடைக்காரர் போன்ல அந்த நம்பர் இன்னமும் உங்க கம்பெனி பேர்லதான் பதிஞ்சிருக்கும்.